ஆறு மில்லிமீட்டரில் இரண்டு ஷீட்

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் இருக்கும் எங்கள் பட்டறையில் இரண்டு மாதமாக ஓப்பன்கட்லிஸ்ட் ஓடுகிறது. ஸ்கெட்ச்அப்புக்குள் போட்டுக்கொள்ளும் இலவச எக்ஸ்டென்ஷன் இது. பிரான்சில் மரவேலை செய்கிறவர்கள் கூடி உருவாக்கியது. கணினியில் நிறுவும் ஸ்கெட்ச்அப் வேண்டும், பிரவுசரில் திறக்கிற இலவசப் பதிப்பில் வேலைக்காகாது. மற்ற வசதிகளையெல்லாம் அதன் பக்கத்திலேயே படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி: துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கேட்கும் கட்டம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டருக்கு நான்கு புத்தக அலமாரி. ஒவ்வொன்றுக்கும் 2100 மி.மீ. உயரத்தில் இரண்டு பக்கப்பலகை, 764 மி.மீ. நீளத்தில் ஆறு தட்டு. எல்லாவற்றுக்கும் ஆழம் 300. ஆக 8 பக்கப்பலகை, 24 தட்டு. எட்டுக்கு நாலு ஷீட் என்றால் 2440க்கு 1220. ஆப் நான்கு ஷீட் போதும் என்றது. அகலத்தில் நான்கு வரிசை, கச்சிதமாக. டிஎக்ஸ்எஃப் ஃபைலை எடுத்துக்கொண்டு சி.என்.சி. ரவுட்டர் கடைக்குப் போனேன். ஆபரேட்டர் திரையில் அளந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “அண்ணே, நடுவுல கேப் மூணுதான் இருக்கு. என் பிட்டு ஆறாச்சே?”

பேனல் சா வேலைக்குப் போட்டிருந்த 3 மி.மீ. இடைவெளியையும் 5 மி.மீ. ஓரத்தையும் நான் மாற்றவே இல்லை. வாளுக்கு அது சரி: நான்கு 300, மூன்று வெட்டு, இரண்டு ஓரம், மொத்தம் 1219. ரவுட்டர் பிட் துண்டின் வெளிப்பக்கமாகச் சுற்றி வருகிறது. இடைவெளி பிட்டின் பருமனைவிடக் குறைந்தால் பக்கத்துத் துண்டைக் கடித்துவிடும். சரியாக 6 வைத்தாலும், ஷீட் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் அதே கதிதான். அதற்காக 12க்கு மேல் தாராளமாக விட்டால் இரண்டு பாதைக்கும் நடுவில் ஒரு மெல்லிய குச்சி நிற்கும். அது பிய்ந்து பிட்டில் சிக்கும். 6 மி.மீ. பிட்டுக்கு 8 வைத்தால் இரண்டு பாதையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவில் எதுவும் மிஞ்சாது.

அங்கேயே உட்கார்ந்து இடைவெளியை 8 ஆக்கி, ஓரத்துக்கு 10 விட்டு மறுபடி ஓட்டினேன். ஆறு ஷீட்! நான்காவது வரிசைக்கு 300 வேண்டும், மிஞ்சியது 276. ஒவ்வொரு ஷீட்டிலும் பதினோரு அங்குல அகலத்துக்கு எதற்கும் ஆகாத கட் பீஸ். தட்டு வெட்டும் ஷீட்டில் பன்னிரண்டுக்குப் பதில் ஒன்பதுதான் வந்தது. பயன்பாடு 89 சதவீதத்திலிருந்து 59க்கு இறங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்த ஆப்மேல் ஆசையும் கோபமும் சேர்ந்து வருகிறது. மாடலில் ஆழத்தை 294 என்று மாற்றினேன். பட்டியல் தானே மாறியது, மறுபடி நான்கே ஷீட். நோட்டில் எழுதிக் கணக்குப் போட்ட காலத்தில் இதற்கு அரை நாள் போயிருக்கும். அலமாரியில் 6 மி.மீ. குறைந்ததால் எந்தப் புத்தகமும் வெளியே நீட்டப்போவதில்லை. ஆனால் “ஆறு மில்லி குறைத்தால் இரண்டு ஷீட் மிச்சம்” என்று அது வாய் திறந்து சொல்லவில்லை. கொடுத்த அளவை அடுக்கும், அளவைக் கேள்வி கேட்காது. சதவீதம் 75க்குக் கீழே வந்தால் மிஞ்சிய பட்டையின் அகலத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரு துண்டின் அகலம் இருந்தால், தப்பு அடுக்கியதில் இல்லை, டிசைனில் இருக்கிறது.

இன்னொன்றும் அதற்குத் தெரியாது. சின்னத் துண்டுகளைக் காலி மூலையில் சொருகிவிடும். வேக்யூம் பெட்டில் ஷீட்டின் ஓரத்தில்தான் பிடிப்பு குறைவு. உள்ளங்கை அளவுத் துண்டு கடைசிச் சுற்றில் நழுவி ஓரம் கோணலாகிவிடும். அவற்றை நானே கையால் நடுவுக்கு நகர்த்தி, ஃபைலை மறுபடி சேமித்து அனுப்புகிறேன்.

நம் ஊரில் எல்லோரும் அடியில் பேசுவதுதான் இதற்கெல்லாம் வேர். ஷீட் நாலடி, தட்டு ஓரடி, ஆக நான்கு வரும் என்று மனசு கணக்குப் போடும். பிட் தின்னும் இடம் அதில் இல்லை. ஓரம் 20, இடைவெளிகள் எட்டு எட்டாகப் போக, இரண்டு வரிசைக்கு அதிகபட்சம் 596, மூன்றுக்கு 394, நான்குக்கு 294. இந்த மூன்று எண்ணையும் பட்டறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று ஒருவர் இரண்டடி ஆழத்தில் வார்ட்ரோப் கேட்டு வந்தார். முதலில் அந்தச் சுவரைத்தான் காட்டினேன். 596க்கு ஒப்புக்கொண்டார்.