கப்சாய்க்கு எவ்வளவு அகலம் போதும்?

பாகான் டாலாமில் ஓடும் ஹோண்டா இஎக்ஸ்5 வண்டிக்கு நல்ல தார்ச்சாலையும் உடைந்த சந்தும் ஒரே நாளில் வாய்க்கும். அதன் பின் டயர் 2.50-17. டயர் அகலமானால் பிடிப்பு கூடும் என்பார்கள். ஆனால் காற்றழுத்தம் மாறாதவரை தரையைத் தொடும் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் நீளம் குறைந்து அகலமாகும். வளைவில் தொடுபுள்ளி நடுக்கோட்டைவிட்டு அதிகம் விலகுவதால், அதே வளைவுக்கு வண்டியை இன்னும் சாய்க்க வேண்டும். குறுகிய ரிம்மில் திணித்தால் டயரின் முதுகு கூம்பும்; நடுப்பகுதி சீக்கிரம் தேய்வதே அடையாளம்.

பள்ளத்தில் ரிம் அடிபடாமல் அகலம் காக்கிறதே என்றால், நியாயம்தான். அதற்கு ஒரு படி கூட்டினால் போதும். கட்டை அமைப்பைப் பொறுத்தவரை, நடுவில் நெருக்கமான கட்டைகளும் ஓரத்தில் அகன்ற பள்ளங்களும் உள்ள டயர் தாருக்கும் சரளைக்கும் ஒத்துவரும். முழுக் கட்டை டயர் தாரில் நெளியும். பின்னால் 2.75, முன்னால் 2.50: அதோடு நிறுத்துங்கள்.