நெற்றியோரத்து முடியும் புருவமும்

ஒருவர் முடிக்குக் கலர் போட்டிருப்பது பார்த்த உடனே தெரிந்துவிட்டால், காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் முடியாக இருக்காது, புருவமாக இருக்கும். தலையில் தாமிரப் பழுப்பு மின்னும். அதற்குச் சற்றுக் கீழே புருவம் கன்னங்கரேலென்று நிற்கும். எது இடிக்கிறது என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாது. "என்னமோ விக் வச்ச மாதிரி இருக்கு" என்பார். முடியை நன்றாகவே செய்திருப்பார்கள். முகத்தோடு அதைச் சேர்க்கும் கடைசி வேலை மட்டும் விட்டுப்போயிருக்கும். அந்தக் கடைசி வேலையை அழகாகச் செய்து முடிக்கிற கைகள் நம் ஊர் பார்லர்களில் இருக்கின்றன. அந்த வேலையைக் கூர்ந்து பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை.

புருவமும் தலைமுடியும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பதுதான் பலரும் முதலில் நினைப்பது. இயற்கை அப்படிச் செய்வதில்லை. கருங்கூந்தல்காரர்களின் புருவம் தலைமுடியைவிடச் சற்று மென்மையாகத் தெரியும். புருவ முடி குட்டையானது. இடையிடையே தோல் தெரிவதால் கறுப்பின் அழுத்தம் குறைந்துவிடுகிறது. பிறவியிலேயே பழுப்பு முடி கொண்டவர்களுக்கு நேர்மாறு. அவர்களுடைய புருவம் தலைமுடியைவிட ஒன்றிரண்டு படி கருமையாக இருக்கும், இமைமுடி அதைவிடக் கருமையாக இருக்கும். நரை வரும்போதும் இந்த வரிசை தெரியும். பெரும்பாலானோருக்குத் தலை முதலில் வெளுக்கும், புருவம் தாமதமாக, இமை எல்லாவற்றுக்கும் கடைசியில். 2011இல் 'மங்காத்தா' வந்தபோது நரைத்த தலையும் கருத்த புருவமுமாக அஜித் திரையில் நின்றார், யாருக்கும் உறுத்தவில்லை. நாற்பதைத் தொட்ட ஆண்களை நாம் அன்றாடம் பார்ப்பதே அப்படித்தான். ஆகவே கருங்கூந்தலைப் பழுப்பாக்குகிறவர் பிறவிப் பழுப்புக் கூந்தலின் இலக்கணத்தைத்தான் எட்டிப் பிடிக்க வேண்டும்: முடியைவிடப் புருவம் ஒரு படி ஆழம், புருவத்தைவிட இமை இன்னொரு படி ஆழம்.

படி என்று நான் சொல்வதற்குக் கணக்கு உண்டு. ஹேர் கலர் டப்பாவின்மேல் 6.4 என்பதுபோல ஒரு எண் இருக்கும். புள்ளிக்கு முன்னால் இருப்பது கருமையின் ஆழம்: 1 என்றால் கன்னங்கறுப்பு, 10 என்றால் மிக வெளிர்ந்த பொன்னிறம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது சாயல்; பெரும்பாலான கம்பெனிகளில் 1 சாம்பல், 3 பொன், 4 தாமிரம். நம் ஊர்த் தலைமுடி பெரும்பாலும் 1க்கும் 3க்கும் நடுவில் நிற்கும். 2இல் இருந்த முடியை 6.4க்குக் கொண்டுவந்தால் நான்கு படி வெளுத்திருக்கிறது, அதோடு தாமிரச் சாயலும் ஏறியிருக்கிறது. புருவம் மட்டும் பழையபடி 2இலேயே நிற்கிறது. முகத்தில் இடிப்பது அந்த நான்கு படி இடைவெளிதான்.

எந்த முடியோடு புருவத்தைப் பொருத்துவது என்பதில்தான் தேர்ந்த கண் தெரியவரும். தோளில் புரளும் நுனிமுடியைப் பார்த்துப் புருவ நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அது தவறு. புருவத்துக்குப் பக்கத்து வீடு நெற்றியோரமும் பொட்டுப்பக்கமும்தான். பார்க்கிறவர் கண் அந்த ஓரத்து முடியிலிருந்து நேராகப் புருவத்துக்கு இறங்குகிறது. அந்த இரண்டும் ஒத்துப்போனால் நுனி எவ்வளவு வெளுத்திருந்தாலும் முகம் நம்பும்படி இருக்கும். வேரோரம் ஒன்றரை அங்குலத்தைக் கருமையாகவே விட்டு, கீழே போகப்போக வெளுக்கவிடும் வேலை பல முகங்களுக்கு அவ்வளவு இயல்பாக அமைவதற்குக் காரணம் இதுதான். அங்கே புருவத்தில் கையே வைக்க வேண்டியதில்லை. சிக்கலெல்லாம் வேரிலிருந்து நுனிவரை ஒரே நிறம் ஏற்றும் குளோபல் கலரிங்கில்தான்.

என் சித்தி மகள் அதைத்தான் செய்துகொண்டாள். அண்ணன் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தலை முழுக்க 6.4. சென்னையில் அவள் வழக்கமாகப் போகும் பார்லருக்கு நானும் கூடப் போனேன். "அக்கா, புருவத்தையும் லேசா பிளீச் பண்ணிவிட்டுடுங்களேன்" என்று கேட்டாள். அங்கே மேக்கப் செய்யும் பெண்மணி அவள் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேணாம்மா. ரெண்டு வாரத்துல வேர் கறுப்பா வந்து நிக்கும். சரியா கல்யாணத்தன்னிக்கு."

அவர் சொன்னது முற்றிலும் சரி. தலையில் வேர் கறுத்து வந்தால் நீண்ட கூந்தலில் அது ஒரு சிறு பகுதி. புருவ முடியின் மொத்த நீளமே ஒரு சென்டிமீட்டர்தான். இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்தாலே இரட்டை நிறம் பளிச்சென்று தெரியும். தவிர, கறுப்பு முடியை வெளுத்தால் முதலில் வருவது செம்மஞ்சள். சரி, டிண்ட் போடலாமா என்றாள் அவள். டிண்ட்டால் கருமையை ஏற்றத்தான் முடியும், குறைக்க முடியாது. அது ஒளி ஊடுருவும் சாயம். கறுப்பின்மேல் பழுப்பைப் போட்டால் கறுப்புதான் தெரியும். மிஞ்சுவது ஒரே வழி: முடியின்மேல் படிந்து மறைக்கும் நிறமி கொண்ட புருவ மஸ்காரா. முகம் கழுவினால் போய்விடும் என்பது அதன் குறை. தப்பானால் துடைத்துவிடலாம் என்பது அதன் நிறை.

அடுத்து அவர் செய்ததை அருகில் நின்று பார்த்தேன். மூன்று பழுப்புகளைப் புறங்கையில் கோடுகோடாக இழுத்து, நெற்றியோரத்து முடியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாம்பல் சாயல் கொண்டதை உடனே ஒதுக்கினார். தாமிர முடிக்குக் கீழே அது நரைத்தாற்போலத் தெரியுமாம். முடியின் அதே செம்பு நிறத்தில் இருந்ததையும் ஒதுக்கினார். எடுத்துக்கொண்டது 4க்கும் 5க்கும் நடுவிலான ஆழத்தில், சிவப்பு லேசாக எட்டிப்பார்க்கும் பழுப்பு. தூரிகையை டிஷ்யூவில் துடைத்து முக்கால்வாசி மையை எடுத்துவிட்டார். முதலில் புருவ வாலிலிருந்து மூக்குப் பக்கமாக, அதாவது முடி வளரும் திசைக்கு எதிராக, லேசாக ஒரு முறை. அப்போதுதான் முடியின் அடிப்பக்கத்திலும் நிறம் பிடிக்கும். பிறகு முடி வளரும் திசையில் மேல்நோக்கிச் சீவினார். தோலில் மை படவேயில்லை. புருவத்தின் முன்பாதிக்கு நிறம் கொஞ்சம் கூடுதல். வால் பகுதியை ஏறக்குறைய அதன் கருமையிலேயே விட்டார்.

அத்தோடு முடியவில்லை. புருவம் வெளுத்ததும் திடீரென்று அடர்த்தி குறைந்ததுபோல் ஆகிவிட்டது. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. கறுப்பு இருக்கும்வரை அதுவே இடைவெளிகளை மறைத்துக்கொண்டிருந்தது. த்ரெடிங்கில் மெலிந்த இடங்கள் இப்போது தெரிந்தன. அந்த இடங்களில் மட்டும் புருவப் பவுடரைச் சாய்ந்த சிறு தூரிகையால் ஒற்றினார். எல்லாம் முடிந்ததும் போனில் ஒரு படமெடுத்து அதைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிக் காட்டினார். நிறம் போய்விட்டால் ஆழம் மட்டும் தனியாகத் தெரியும்: நெற்றியோர முடி ஒரு சாம்பல், புருவம் அதைவிடச் சற்றே அழுத்தமான சாம்பல். ஆழம் சரியென்றால் சாயலில் சிறு பிசகு இருந்தாலும் கண் மன்னித்துவிடும். ஆழம் தப்பினால் சாயல் எவ்வளவு பொருந்தினாலும் பயனில்லை. இந்தச் சோதனையை வீட்டிலும் செய்யலாம். பகல் வெளிச்சத்தில் எடுத்த படமாக மட்டும் இருக்க வேண்டும். பார்லரின் மஞ்சள் விளக்கு தாமிரத்தைக் கூட்டிக் காட்டும்.

இமைக்கு வருவோம். இங்கே நம் பெண்களுக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது: கண்மை. கண்ணோரத்துக் கருமை தீட்டியது என்பது நமக்குப் பழகிய காட்சி. அதனால் இமைமுடி கறுப்பாக இருந்தால் யாரும் முடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. 6 வரையிலான எந்தப் பழுப்புக்கும் இமையைக் கறுப்பாகவே விடலாம் என்பது என் துணிபு. என் சித்தி மகளுக்கும் மேலிமையில் கறுப்பு மஸ்காராதான். கீழிமையில் மட்டும் கரும்பழுப்பு. கண்ணுக்கடியில் உள்ள மெல்லிய தோலுக்குப் பக்கத்தில் கறுப்பு கொஞ்சம் கடுமை காட்டும், பழுப்பு அதைத் தணிக்கும். கீழ்க்கண் மையையும் அன்று தவிர்த்தார்கள். 8, 9 என்று பொன்னிறத்துக்கே போகிறவர்கள்தான் மேலிமைக்கும் கரும்பழுப்பை யோசிக்க வேண்டும். இமைமுடியை வெளுப்பது என்ற பேச்சே கூடாது.

நம் வீடுகளில் இதைவிட அதிகம் நடப்பது வேறொன்று. நரைத்த தலைக்குக் கறுப்பு டை போட்டுவிட்டு, கிண்ணத்தில் மிஞ்சியதைப் புருவத்திலும் இழுத்துவிடுகிற பழக்கம். பார்வைக்கே அது நன்றாயிராது. அறுபது வயது முகத்தில் 1ஆம் எண் கறுப்பு, தோலிலும் கறைபட்டு, ஒட்டவைத்தாற்போல் நிற்கும். நரை கலந்த புருவத்துக்கு 3 அல்லது 4 ஆழத்தில் ஒரு பழுப்பு மஸ்காரா, அதுவும் நரைமுடிகளில் மட்டும் தொட்டால் போதும். ஆனால் இந்தப் பழக்கத்தை விடுவதற்கு அழகைவிடப் பெரிய காரணம் கண். தலைக்கான டைகள் பலவற்றில் உள்ள பிபிடி என்னும் வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். 1930களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற பெயரில் அந்தப் பொருளைக் கொண்ட இமைச்சாயம் ஒன்று விற்றது. பூசிக்கொண்ட பெண்கள் சிலர் பார்வையை இழந்தார்கள். ஓர் உயிரும் போனது. அழகுசாதனங்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்துக்கு அந்தக் கொடுமையும் ஒரு காரணம். புருவத்திலோ இமையிலோ பூசினால் பார்வை போகலாம் என்று நம் நாட்டு டை டப்பாக்களிலும் அச்சிட்டிருக்கிறது. எழுத்து பொடியாக இருப்பதால் படிப்பவர் குறைவு.

கலர் போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்காலியில் உட்காரும்போதே, எந்த எண் என்று முடிவாவதற்கு முன்னால், கண்ணாடியில் உங்கள் புருவத்தைக் காட்டிப் பேசுங்கள். தினமும் புருவத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க முடியும் என்றால் வேர்வரை தாமிரம் ஏற்றிக்கொள்ளலாம். முடியாதென்றால் நெற்றியோரத்தில் ஒன்றரை அங்குலத்தைக் கருமையாகவே விடச் சொல்லுங்கள்.