கண்காட்சியா, ஏஜெண்டா: திருப்பூரில் ஒரு பையரின் விலை

திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளருக்கு 'பையர்', அதாவது வெளிநாட்டிலிருந்து ஆடை வாங்கும் வாடிக்கையாளர், பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்து சேர்கிறார்: வெளிநாட்டுக் கண்காட்சி, திருமுருகன்பூண்டியில் நடக்கும் இந்தியா நிட்ஃபேர், ஆர்டருக்குக் கமிஷன் பெறும் பையிங் ஏஜெண்ட். எந்த வழியில் பணம் போடலாம் என்பதை முடிவுசெய்ய, ஒரு பையரைப் பிடிக்க ஆகும் செலவையும், அவர் விலகும்வரை அவரால் கிடைக்கும் மொத்த மிச்சமான 'ஆயுள் மதிப்'பையும் ஒப்பிடும் முறை அண்மைக்காலமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பல்லாயிரம் வாடிக்கையாளர்களைக் கொண்ட இணைய வணிகத்துக்கு நன்கு பொருந்தும் இந்தக் கணக்கு, இருபது பையர்களை நம்பி நடக்கும் ஒரு கம்பெனிக்கு எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

இம்முறையின் பெரிய நன்மை, மறைந்து கிடக்கும் செலவை வெளிக்கொணர்வதாகும். கண்காட்சிச் செலவு என்றால் ஸ்டால் வாடகை, விமானக் கட்டணம், அறை வாடகை என்பதோடு கணக்கை முடித்துவிடுவது வழக்கம்; ஆனால் கண்காட்சி முடிந்தபிறகு வரும் விசாரணைகளுக்காகச் செய்யப்படும் முதல் சாம்பிள், அளவு பார்க்கும் ஃபிட் சாம்பிள், எல்லா அளவுகளிலும் தைக்கும் சைஸ் செட், கூரியர், மெர்ச்சண்டைசரின் சம்பளம் ஆகியவை ஃபேக்டரிச் செலவிலேயே கரைந்துவிடுகின்றன. ஆர்டராக மாறாத சாம்பிள்களின் செலவையும் ஆர்டர் தந்த பையரின் கணக்கிலேயே ஏற்றவேண்டும் என்று இம்முறை வற்புறுத்துவது சரியே.

விளக்கத்துக்காகக் கற்பனையான ஒரு நடுத்தர நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கண்காட்சிக்கு 10 லட்சமும், பின்தொடரும் சாம்பிள் வேலைக்கு 8 லட்சமும் செலவாகி, இரண்டு பையர்கள் கிடைத்தால், ஒருவருக்கு 9 லட்சம் ஆகிறது. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 1.5 கோடி ரூபாய்க்கு ஆர்டர் தந்து, நூல், சாயம், கூலி, போக்குவரத்து எல்லாம் போக 8 சதவீதம் மிஞ்சினால் ஆண்டுக்கு 12 லட்சம். நான்கில் ஒருவர் ஆண்டுதோறும் விலகுவதாகக் கொண்டால் சராசரி ஆயுள் 4 ஆண்டு, ஆயுள் மதிப்பு 48 லட்சம். அதே அளவு ஆர்டரைத் தரும் பையர் ஏஜெண்ட் வழியே வந்தால், தொடக்கத்தில் சாம்பிளுக்கு ஆகும் 1.5 லட்சம்தான் செலவு. ஆனால் ஒவ்வொரு ஆர்டரிலும் 5 சதவீதம் கமிஷனாகப் போவதால் மிச்சம் 3 சதவீதமாகி, 4 ஆண்டில் 18 லட்சமே கிடைக்கிறது.

இங்கேதான் விகிதம் தவறான பக்கம் கைகாட்டுகிறது. ஆயுள் மதிப்பைச் செலவால் வகுத்தால் ஏஜெண்ட் வழி 12 மடங்கு, கண்காட்சி 5 மடங்கு சொச்சம். ஆனால் செலவு போகக் கையில் நிற்பது ஏஜெண்ட் வழியில் 16.5 லட்சம், கண்காட்சி வழியில் 39 லட்சம். தையல் மெஷினும் ஆளும் அளவோடு உள்ள கம்பெனியில் இரண்டு ஆர்டரும் ஒரே லைனையே நிரப்புகின்றன என்பதால், பையரைப் பிடிக்கச் செலவழித்த ஒரு ரூபாய்க்கு என்ன வந்தது என்பதைவிட, அந்த லைனுக்கு என்ன வந்தது என்பதே பொருத்தமான கேள்வி.

ஆனால் கண்காட்சியின் எண்ணும் உறுதியானதன்று. இரண்டுக்குப் பதிலாக ஒரே பையர் கிடைத்திருந்தால் செலவு 18 லட்சமாகி, விகிதம் பாதியாகச் சரியும். ஒரு கண்காட்சியின் முடிவை வைத்து அந்த வழியையே எடைபோடுவது சூதாட்டத்துக்கு அருகில் வருகிறது. கண்காட்சியில் முகம் பார்த்த பையர் ஆறு மாதம் கழித்து ஏஜெண்ட் மூலம் ஆர்டர் தந்தால் அவரை எந்த வழியின் கணக்கில் எழுதுவது என்பதற்கும் இம்முறையில் தெளிவான விடை இல்லை.

மிகப் பலவீனமான எண் ஆயுளே. சராசரிக் கணக்கு பையர்கள் ஒருவரையொருவர் சாராமல், தனித்தனியே விலகுவதாக எடுத்துக்கொள்கிறது. திருப்பூரிலோ அவர்கள் கூட்டமாக விலகும் காலங்கள் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, பல பையர்களின் ஆர்டர்களுக்கும் ஒரே நேரத்தில் சாயமேற்ற வெளியூர்களை நாடவேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, அமெரிக்க பையர்களை நம்பியிருந்தவர்களின் ஆர்டர்கள் ஒரே நேரத்தில் ஆட்டம் கண்டன. அந்த பையர்கள் எந்த வழியில் வந்தார்கள் என்பதற்கும் இந்த அடிக்கும் தொடர்பே இல்லை. ஆகவே ஆயுளை வழிவாரியாக மட்டுமன்றி நாடுவாரியாகவும் பிரித்துக் கணிக்காத கணக்கு, துல்லியம் போலத் தோன்றும் ஊகமாகவே நிற்கும்.

இதனால் ஆயுள் மதிப்பை முடிவெடுக்கும் எண்ணாகக் கொள்வதைவிட, போட்ட பணம் எப்போது திரும்புகிறது என்பதை முதலில் பார்ப்பதே திருப்பூருக்குத் தகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் கண்காட்சியில் போட்ட 9 லட்சம் திரும்ப 9 மாத ஆர்டர் வேண்டும், ஏஜெண்ட் வழியில் போட்ட 1.5 லட்சம் திரும்ப 4 மாத ஆர்டர் போதும். இரண்டுமே முதல் ஷிப்மெண்ட்டின் பணம் வங்கிக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படவேண்டியவை.