கொடியடுப்பில் ஒரு தீர்ப்பு

ஓரகத்திகள் சண்டையை மாமியார் தீர்த்து வைக்கும் கதைகளில் இட்லி மாவுக் கதைக்கு ஈடாக இன்னொன்றை நான் வைக்க மாட்டேன். நெய்த்தூக்குக் கதை, ஊறுகாய்ச் சாடிக் கதை, குழம்பில் இரண்டு பேரும் உப்புப் போட்ட கதை எல்லாம் நல்ல கதைகள்தான். ஆனால் அவற்றில் தப்பு யார் மேல் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். மாவுக் கதையில் அது கடைசி வரை பிடிபடாது. அதிலும், கோவில்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட எங்கள் பெரிய அத்தை சொன்ன மாதிரி அதை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அத்தையின் கதையில் மார்கழி மாதம். மூத்த மருமகளின் அண்ணன் பொங்கல் சீரோடு வந்திருக்கிறான். அந்தக் காலத்துக் கரிசல் வீடுகளில் இட்லி என்பது நாள்கிழமைக்கும் விருந்தாளுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும். நாலு உழக்கு அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து. உளுந்தை இளையவள் அரைத்தாள். அதே உரலில் அரிசியை மூத்தவள் அரைத்துக் கரைத்து வைத்தாள். விடிந்து மூடியைத் திறந்தால், ராத்திரி விட்ட மட்டத்திலேயே மாவு கிடக்கிறது. ஊற்றிப் பார்த்த முதல் ஈடு தட்டையாக, விரலுக்கு அமுங்காமல் வருகிறது.

“உளுந்து பொங்கப் பொங்க ஆட்டணும். ரெண்டு சுத்து சுத்திட்டு அள்ளுனா இப்படித்தான்” என்கிறாள் மூத்தவள். “அரிசியை மாவா மசிய அரைச்சா இட்லி எங்கிட்டு எந்திரிக்கும்? ரவைப் பதம்னு ஒண்ணு இருக்குல்ல” என்கிறாள் இளையவள். அத்தை இந்தச் சண்டையை எவ்வளவு நியாயமாகச் சொல்வாள் தெரியுமா! இருவர் பேச்சிலும் பிசகு கிடையாது. உளுந்து பந்து பந்தாகப் பொங்கவில்லை என்றாலும் இட்லி கெடும். அரிசி மைபோல ஆனாலும் கெடும். வாய்ச்சண்டைக்காக எதையோ பேசுகிற பொம்பளைகள் இல்லை அவர்கள். தொழில் தெரிந்த இரண்டு பேர்.

மாமியார்க்காரி ஆச்சி உள்ளே வருகிறாள். மாவில் விரலை விட்டுப் பார்க்கிறாள், முகர்ந்து பார்க்கிறாள். புளித்த வாடையே இல்லை. அரைப்பில் கோளாறு என்றால் வாடையாவது எழும்பியிருக்க வேண்டும், மட்டம் மட்டும்தான் ஏறாமல் நிற்கும். வாடையும் இல்லை, மட்டமும் ஏறவில்லை என்றால் அது குளிர். இதை அத்தை விளக்க மாட்டாள். முகர்ந்தாள் என்று மட்டும் சொல்லி நிறுத்துவாள். அடுக்களையில் புழங்கினவர்களுக்கு அதுவே போதும். ஆச்சி சொல்வது ஒரே ஒரு வாக்கியம்: “தோசைக்கல்லைப் போடுங்க, பிள்ளைய பசியா இருக்கு.”

அன்று ராத்திரியும் மாவு அரைக்கிறார்கள். வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை ஆச்சி. உளுந்து இளையவள், அரிசி மூத்தவள், அதே உழக்குக் கணக்கு. சிலர் இந்த இடத்தில் ஆச்சியை வேலை மாற்ற வைப்பார்கள். அப்படிச் செய்தால் மறுநாள் மாவு பொங்கினதும், “உன் வேலையை உன்னைவிட நான் நல்லாப் பார்த்தேன்” என்று சண்டை புதிதாகத் தொடங்கும். கை மாறாமல் இருந்தால்தான் பழி கையை விட்டுப் போகும்.

எல்லோரும் படுத்த பிறகு ஆச்சி எழுந்து வருகிறாள். அடுப்பில் கங்கு நீறு பூத்துக் கிடக்கிறது. புறங்கையைக் கொடியடுப்பின் மேல் பிடித்துப் பார்க்கிறாள். சுடுகிறது. திண்ணையில் போய் ஒரு வெற்றிலை போட்டுவிட்டு வந்து மறுபடி பிடிக்கிறாள். இப்போது வெதுவெதுப்பு. அவசரப்பட்டுச் சூட்டில் வைத்தால் அடிமாவு வெந்து களியாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். மாவுப் பானையைத் தூக்கிக் கொடியடுப்பின் மூன்று குமிழ் மேல் வைக்கிறாள். விடிவதற்கு முன்னால் எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடுகிறாள்.

காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மூத்தவள் பானையைத் தூக்கும்போது அடியில் மூன்று சாம்பல் தடம். பக்கத்தில் நிற்கும் இளையவளும் பார்க்கிறாள். இந்த மூன்று தடத்துக்காகத்தான் நான் இந்தக் கதையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறேன். அத்தை விரலால் தரையில் மூன்று புள்ளி வைத்துக் காட்டுவாள். ஆச்சி அதைத் துடைக்க மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று சொல்லவே மாட்டாள். மறந்தாள் என்று வைத்துக்கொண்டால், மருமக்கள் தாங்களாகக் கண்டுபிடித்த கதை. விட்டாள் என்று வைத்துக்கொண்டால், வாய் திறக்காமல் இருவரையும் விடுவித்த கதை. நான் இரண்டாவது கட்சி. கிழவி விளக்குமாற்றுக் குச்சியைக்கூட எண்ணி வைக்கிற ஆள் என்று அத்தை முன்பே சொல்லியிருப்பாள். அப்படிப்பட்டவள் பானையின் அடியைத் துடைக்க மறப்பாளா?

எங்கள் சித்தி சொல்லும் கதை வேறு. அதில் ஆச்சி ஒரு செம்புத் தண்ணீரில் உளுந்து மாவைக் கிள்ளிப் போடுவாள். அது மிதக்கும். இளையவள் தப்பித்தாள், மூத்தவள் தலைகுனிந்தாள். வீட்டில் பாதிப்பேர் இன்றைக்கும் சித்தி கட்சிதான். சட்டென்று விஷயம் உடைவதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரிசியோடு கரைத்து வைத்த மாவில் மறுநாள் காலையில் தனி உளுந்துக்கு எங்கே போவது? அதற்காகச் சித்தி, வடைக்கென்று ஒரு கரண்டி உளுந்தை முந்தின ராத்திரியே எடுத்து வைத்திருந்ததாகச் சேர்ப்பாள். கதைக்கு முட்டுக் கொடுக்கும்போதே அதன் பலம் தெரிந்துவிடுகிறது. அதோடு, ஒருத்தி தோற்றுப்போன வீட்டில் அன்று சாயங்காலம் அடுப்பு எப்படி எரியும்?

ஏ.கே. ராமானுஜன் 1991-ல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் தமிழ்க் கதை ஒன்று இருக்கிறது. இரண்டு மகன், இரண்டு மருமகள் கையில் பாடுபடும் விதவைத் தாய், சொல்ல ஆள் இல்லாமல் மனதில் போட்டுப் போட்டு உடம்பு பெருத்துப்போகிறாள். இடிந்த வீட்டுச் சுவர்களிடம் ஒவ்வொருவர் மேலும் உள்ள குறையைச் சொல்லச் சொல்ல, சுவர் ஒவ்வொன்றாய் விழுகிறது, அவள் உடம்பும் இளைக்கிறது. மாமியாரின் மனதுக்குள் போய்ப் பார்க்கும் பெரிய கதை அது. எங்கள் ஆச்சிக் கதை அவ்வளவு ஆழம் போவதில்லை. ஆச்சிக்கு உள்ளே என்ன பாரம் இருந்தது என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் குறையை அத்தையின் ரசிகனான நானும் ஒப்புக்கொள்கிறேன்.

சமீபத்தில் ஒரு கதைசொல்லல் நிகழ்ச்சியில் இதே கதையைக் கேட்க நேர்ந்தது. சொன்னவர் நல்ல குரல்வளம் உள்ளவர். கிரைண்டரும் ஃபிரிட்ஜும் வைத்துச் சொன்னார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆச்சி நடு ராத்திரியில் எழுந்து வந்ததும் கதையை நிறுத்திவிட்டு, கொடியடுப்பு என்றால் என்ன, சூடு எந்த வழியாக வரும் என்று பாடம் நடத்தினார். போதாததற்குக் கடைசியில் ஆச்சி இரண்டு மருமக்களையும் உட்கார வைத்து ஒற்றுமையைப் பற்றிப் பேசினாள்! கூட்டம் கைதட்டியது. மூன்று சாம்பல் தடத்தைக் காணவே காணோம்.

கேட்கிறவர்களுக்குக் கொடியடுப்பு தெரியாது என்பது உண்மைதான். சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய இடம் முதல் நாள் காலை. அத்தை அங்கேதான் வைத்தாள்: பெரிய அடுப்பில் இட்லிக் கொப்பரை கொதிக்கிறது, பக்கத்துக் கொடியடுப்பில் தனி விறகு இல்லாமலே உறைந்த நெய் உருகிக்கொண்டிருக்கிறது, மூத்தவளும் இளையவளும் அதன் மேல் குனிந்து கத்திக்கொண்டிருக்கிறார்கள்.