வரைபடத்தை எந்த மேசையில் விரிப்பது?

நீலகிரியின் சோலூரில் சொந்த வீடு உள்ள ஒரு கட்டடக் கலைஞரையும், நுவரெலியாவில் அதே தொழில் செய்பவரையும் எடுத்துக்கொள்வோம். இருவரும் மலைச்சரிவில் வீடும் விடுதியும் வரைகிறவர்கள். சோலூர்க்காரருக்கு ஹாகா அனுமதி வேண்டும். நுவரெலியாவில் நிலச்சரிவு அபாயமுள்ள இடமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று வேண்டும். வரைவதும் ஆவணம் சேர்ப்பதும் தனிமையில் நடக்கும் வேலை. ஆனால் பணம் தருகிறவர் ஊட்டிக்காரரோ நுவரெலியாக்காரரோ அல்ல. பெரும்பாலும் கோவையிலோ கொழும்பிலோ இருப்பவர். எங்கே உட்கார்ந்து வேலை செய்வது என்ற கேள்வியை இந்தத் தூரம்தான் தீர்மானிக்கிறது.

வீட்டுக்கு வாடகை இல்லை. ஆனால் மலையில் வீட்டின் பலவீனம் மின்சாரமும் இணையமும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுவது நீலகிரியில் வழக்கம். கணினிக்கு இன்வெர்ட்டரும் ரவுட்டருக்கு ஒரு சிறிய பேட்டரிப் பெட்டியும் வைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இழைக்கம்பி இணைப்புப் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று பொருள். வழியில் கம்பி அறுந்திருக்கும், அல்லது இணைப்புத் தருகிறவர் பக்கத்தில் கருவி நின்றிருக்கும். உங்கள் இன்வெர்ட்டர் அதற்கு மருந்தாகாது. கைப்பேசி இணைப்பைத் திறக்கலாம்தான், ஆனால் மின்வெட்டு நீண்டால் கோபுரத்தின் பேட்டரியும் தீரும். ஆகவே வீட்டிலிருந்து வரையும்போது கோப்புகள் கணினியிலேயே இருக்க வேண்டும், இணைய வட்டில் மட்டும் அல்ல.

இலங்கை இதை இன்னும் கடுமையாகக் கற்றது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. ஜெனரேட்டர் உள்ள பணியிடமே கதி என்றிருந்தவர்களுக்கு டீசலும் தட்டுப்பாடு. அப்போது வீட்டில் சூரியத்தகடும் பேட்டரியும் வைத்திருந்தவர்களால் வேலையைத் தொடர முடிந்தது.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொல்லும்போது, எந்த வீடு என்று கேட்க வேண்டும். இலங்கைத் தோட்ட லயங்களில் ஒரு குடும்பத்துக்கே ஓர் அறையும் ஒரு சமையல் இடமும்தான் என்ற நிலை இன்னும் உண்டு. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்தவர்களுக்காக டான்டீ கட்டிய நீலகிரி லைன் வீடுகளிலும் மேசைக்கு இடம் தேட வேண்டும். அந்த வீடுகளின் பிள்ளைகளுக்குக் காபிக் கடை ஆடம்பரம் அல்ல, முதல் மேசை.

ஆனால் காபிக் கடையின் கணக்கு இரு நாட்டிலும் ஒன்றல்ல. ஊட்டியில் 500 ரூபாய்க்குச் சாப்பிட்டால் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 525. இலங்கையின் எல்லவில் வாட் பதிவுள்ள கடையில் 500க்கு 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத வாட், மொத்தம் 649. மாறாக, வெளிநாட்டுப் பயணிகளை நம்பி நடக்கும் எல்லக் கடைகளில் மடிக்கணினியோடு மணிக்கணக்கில் உட்காருவது பழகிப்போன காட்சி. ஊட்டியில் மே மாதச் சீசனில் மேசை கிடைப்பதே பெரிது. இரு ஊரிலும் பக்கத்து மேசையில் காது இருக்கும்போது நிலத்தின் விலையையும் பத்திரத்தையும் பேசுவது சரியல்ல. மின்னஞ்சல் பார்க்க, சின்னத் திருத்தம் செய்யக் கடை போதும்.

பகிர்வுப் பணியிடத்தின் விலையை உண்மையாகப் போட வேண்டும். மாதம் 6,000 என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 7,080. ஜிஎஸ்டி பதிவில்லாதவருக்கு அந்த 1,080 திரும்பாது. வருமான வரியில் உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுத்த தொழிலருக்கு, வரவில் பாதி செலவென்று ஏற்கெனவே கருதப்படுவதால் வாடகையைத் தனியாகக் கழிக்கவும் வழியில்லை. நாள் கட்டணம் 400 என்றால் வரியோடு 472. மாதத்தில் 15 நாளுக்கு மேல் போனால்தான் மாதச் சந்தா லாபம். சோலூரிலிருந்து ஊட்டி போய் வரும் செலவும் நேரமும் இதில் சேரவில்லை. பெரும்பாலான நாள் வீட்டில் வரைபவருக்கு மாதச் சந்தா வீண்.

வாடிக்கையாளர் சந்திப்புக்குத்தான் நான் காசு செலவழிக்கச் சொல்வேன். 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். டிஎன் 43 வண்டிக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே சீசனில் கோவைக்காரரை மலையேறச் சொல்வதைவிட, நம் வண்டியில் இறங்கிப்போய் கோவையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கூட்ட அறை எடுத்து வரைபடத்தை விரிப்பது மேல். மனையைக் காட்ட வேண்டிய சந்திப்பு மட்டும் வார நாளில், மனையிலேயே.

நுவரெலியாக்காரருக்கு இ-பாஸ் கிடையாது. ஆனால் கொழும்பு 160 கிலோமீட்டருக்கு மேல், போய் வர நாளில் பெரும்பகுதி போய்விடும். அவர் காணொளியில் முதல் வரைவை முடித்துவிட்டு, கையெழுத்துக்காக ஒரே பயணத்தில் மூன்று வாடிக்கையாளர்களைச் சந்திக்கத் திட்டமிடுகிறார். அதற்குக் கொழும்புப் பணியிடத்தில் ஒரு முழுநாள் அறை எடுப்பது மூன்று தனிப் பயணங்களைவிட மலிவு. டிசம்பர் நெருங்கினால் அந்தத் தேதியோடு ஒரு மாற்றுத் தேதியையும் சொல்லி வைக்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாட்டுச் சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன.