தாளம் தட்டாது, கணக்கு தட்டும்

மெட்டுப் போட்டால் கணக்கு மறக்காது என்கிறார்கள். ஏழாம் வகுப்புக்குச் சுற்றளவையும் பரப்பளவையும் சினிமா மெட்டில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததாம். மறக்காதுதான். தப்பாகப் படித்ததும் சேர்ந்தே மறக்காது.

செய்யுளின் இந்தக் குணம் பழையது. ஆரியபட்டர் 499-இல் எழுதிய நூலில், அடிப்பக்கத்தில் பாதியை உயரத்தால் பெருக்கினால் முக்கோணத்தின் பரப்பு என்ற சரியான விதி ஒரு சுலோகத்தின் முதல் பாதியில் வருகிறது. மறுபாதி முக்கோண அடிக்கூம்பின் கன அளவைச் சொல்கிறது. மூன்றில் ஒரு பங்கு என்றிருக்க வேண்டிய இடத்தில் பாதி என்று இருப்பதாகவே பெரும்பாலும் பொருள் கொள்கிறார்கள். சந்தம் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

செய்யுளில் வந்த கணக்கு நூல்களில் பாஸ்கரரின் லீலாவதி (1150) பலரும் அறிந்தது. நான் நிற்க விரும்புவது, நம் பள்ளிக்கூடங்கள் கைவிட்ட காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில். வட்டத்தின் பரப்புக்கு அவர் சொல்லும் வழி, சுற்றில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குவது. விட்டம் 14 என்றால் சுற்று ஏறக்குறைய 44, பாதிகள் 22, 7, பரப்பு 154. பை ஆர் ஸ்கொயர் என்று பாடும் பிள்ளைக்கும் இதே விடைதான் வரும். ஆனால் பழைய விதிக்குள் ஒரு படம் இருக்கிறது. வட்டத்தை மெல்லிய துண்டுகளாக நறுக்கித் தலைமாற்றி அடுக்கினால் ஏறத்தாழ ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் நீளம் அரைச்சுற்று, உயரம் அரைவிட்டம். விதியே காரணத்தையும் சொல்லிவிடுகிறது.

இன்றைய பாட்டுகளில் இந்தப் படத்தைத்தான் காணோம். ‘நீளம் அகலம் பெருக்கு’ என்று ஒரு வரி. பெருக்கு, கூட்டு இரண்டுமே மாச்சீர். ஒன்றின் இடத்தில் மற்றது வந்து உட்கார்ந்தாலும் தாளம் உறுத்தாது. 6-க்கு 4 மீட்டர் தோட்டத்துக்கு வேலி எவ்வளவு என்றால், 24 என்று பாடிக்கொண்டே எழுதுகிறான் பையன். வேலிக்கு வேண்டியது 20 மீட்டர்; 24 என்பது உள்ளே அடங்கும் சதுர மீட்டர். அலகைக் கேட்டால் விழிப்பான். குழப்பம் அங்கேதான் வெளிப்படும்.

எதுகையைக் காவலுக்கு வைக்கலாமே? நான் கட்டிப் பார்த்தது இது:

ஓட்டு வேலி ஓரம் முழுக்க;
கூட்டு பக்கம், சுற்று கிடைக்கும்.
நெருக்கிக் கட்டம் நிரப்பு வயலில்;
பெருக்கிப் பார்த்தால் பரப்பு தெரியும்.

கவிதையாக இது சுமார்தான். ஆனால் ‘பெருக்கி’யை எடுத்துவிட்டுக் ‘கூட்டி’யைப் போட்டால் எதுகை முறிந்து காது காட்டிக்கொடுக்கும். ஓரமா உள்ளேயா என்று முதல் அடி காட்டிவிட, எந்தச் செயல் என்பதை அடுத்த அடி பூட்டுகிறது.

கணக்குப் பாட்டு எழுதுகிறவர் மெட்டைத் தேடுமுன் ஒரு சொல்லை மாற்றிப் பாடிப் பார்க்கட்டும். தவறான சொல்லும் சுகமாக உட்கார்ந்தால், அந்தப் பாட்டைக் கிழித்துவிடலாம்.