மிக்சர் பாக்கெட்டின் பின்பக்கக் கணக்கு

உணவியல் படிப்பின் வகுப்புத் தேர்வுகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். இரண்டு பாக்கெட்டுகளின் லேபிளைக் கொடுத்து, ஒரு தடவை உண்ணும் அளவில் தினசரித் தேவையில் எத்தனை விழுக்காடு கிடைக்கிறது என்று கணக்கிடச் சொல்வார்கள். பிறகு இரண்டில் எது தேவலை என்று கேட்பார்கள். பார்க்க எளிதான பெருக்கல் வகுத்தல்தான். பாளையங்கோட்டையில் படித்துவிட்டு, நாளைக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி மாதிரியான இடத்தில் ரத்த அழுத்த நோயாளியின் எதிரே உட்காரப் போகிற ஒரு மாணவிக்கு இந்தக் கேள்வி எதைக் கற்றுத் தருகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

கேள்வியை இப்படி வைத்துக்கொள்வோம். முதல் மிக்சர் 200 கிராம் பாக்கெட். ஒரு தடவைக்கான அளவு 20 கிராம் என்று கம்பெனி போட்டிருக்கிறது. 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம், 14 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. இரண்டாவது 40 கிராம் பாக்கெட். முழுப் பாக்கெட்டும் ஒரு தடவைக்கு என்று கணக்கு. 100 கிராமில் 700 மில்லிகிராம் சோடியம், 13 கிராம் நிறைவுற்ற கொழுப்பு.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகள், விழுக்காட்டை எந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கின்றன. சராசரி வயதுவந்தவருக்கு ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம். அந்தச் சோடியம் ஏறத்தாழ 5 கிராம் உப்புக்குச் சமம். சோடியத்தை உப்பாக மாற்ற இரண்டரையால் பெருக்க வேண்டும். இதை மறந்து 2000 மில்லிகிராம் உப்பு என்று எழுதிவிட்டால், நோயாளிக்கு அனுமதித்த உப்பு பாதிக்கும் கீழே போய்விடும்.

கணக்கைப் போடலாம். முதல் மிக்சரின் 20 கிராமில் 160 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அதை 2000-ஆல் வகுத்தால் 8 விழுக்காடு. இரண்டாவதில் 40 கிராமுக்கு 280 மில்லிகிராம், அதாவது 14 விழுக்காடு. விழுக்காட்டுக் கட்டத்தை மட்டும் பார்க்கிறவர் முதல் பாக்கெட்டை எடுத்து வைப்பார். இந்தக் கேள்வியின் கூர்மை இங்கேதான். எடையைச் சமமாக்கி முதல் மிக்சரையும் 40 கிராமுக்கு உயர்த்தினால் 320 மில்லிகிராம், 16 விழுக்காடு வருகிறது. குறைவு என்று தோன்றியதுதான் உப்பு கூடியது. முதல் பாக்கெட்டில் குறைந்திருப்பது உப்பு அல்ல, கம்பெனி எழுதிய கிராம் கணக்கு. இந்த ஒரு சூட்சுமத்துக்காகவே இந்தப் பயிற்சியை நான் ஆதரிப்பேன். எந்த இரு பொருளையும் ஒப்பிடும் முன் 100 கிராமுக்கான பத்தியைப் பார்க்கும் பழக்கம் ஒரு தேர்வில் வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது.

ஆனால் பெரும்பாலான கேள்விகள் அந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரு தடவைக்கான அளவை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்பதே இல்லை. அமெரிக்காவில் மக்கள் ஒரு தடவைக்கு வழக்கமாக எவ்வளவு உண்கிறார்கள் என்ற அளவை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமே உணவுவகை வாரியாக வெளியிடுகிறது. கம்பெனி அதை ஒட்டித்தான் போடவேண்டும். நம் நாட்டில் பொதுவாக அந்தப் பொறுப்பு தயாரிப்பாளரிடம் இருக்கிறது. 20 கிராம் மிக்சர் என்பது ஒரு சின்னக் கையில் அள்ளும் அளவு. சாயங்காலம் காப்பியோடு தட்டில் கொட்டிக்கொள்கிறவர் 60 கிராமை உணராமலேயே தாண்டுவார். அதற்குச் சோடியம் 480 மில்லிகிராம், 24 விழுக்காடு. நிறைவுற்ற கொழுப்பு 8.4 கிராம், 38 விழுக்காடு. லேபிளில் அச்சாகியிருப்பதோ முறையே 8-ம் 13-ம். லேபிளில் பொய் எதுவுமில்லை, ஆனால் தின்பவரின் தட்டு அதில் இல்லை. எனவே கேள்வித்தாளில் ஒரு வரி கூட வேண்டும்: “இந்த நபர் உண்மையில் எவ்வளவு உண்டார்?” அந்த எடையை வீட்டுத் தராசில் போட்டுப் பார்த்து வருவதையே செய்முறைப் பணியாகக் கொடுக்கலாம்.

அடுத்தது, பாடநூல் எந்த ஊருடையது என்ற சிக்கல். நம் உணவியல் மாணவிகள் கையில் வைத்திருக்கும் புத்தகங்களில் பல அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே 2016-ல் திருத்திய தினசரி மதிப்புகள்படி சோடியம் 2300 மில்லிகிராம், மொத்தக் கொழுப்பு 78 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 20 கிராம். மேலே சொன்ன 60 கிராம் மிக்சரையே அந்த அட்டவணையில் வைத்தால் சோடியம் 24 விழுக்காட்டிலிருந்து 21-க்கு இறங்குகிறது. நிறைவுற்ற கொழுப்போ 38-லிருந்து 42-க்கு ஏறுகிறது. ஒரே தட்டு மிக்சர், இரண்டு விடைகள், இரண்டும் சரி. விடைத்தாளில் எந்த அட்டவணை என்று குறிக்காத விழுக்காட்டுக்கு அரை மதிப்பெண் கூடக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

அதே புத்தகங்கள் “5 விழுக்காடோ குறைவோ என்றால் குறைவு, 20-ஓ கூடவோ என்றால் அதிகம்” என்ற சூத்திரத்தையும் சொல்லித் தருகின்றன. வசதியான சூத்திரம், அங்கே ஒரு தடவைக்கான அளவு நிலையாக இருப்பதால் ஓரளவு வேலை செய்கிறது. இங்கே அதை அப்படியே போட்டால், நம் முதல் மிக்சரின் நிறைவுற்ற கொழுப்பு 13 விழுக்காட்டில் நடுத்தரமாகவும், இரண்டாவது 24 விழுக்காட்டில் ‘அதிகம்’ என்றும் தெரியும். இவற்றுள் கொழுப்பு அடர்த்தி கூடியது முதல் மிக்சர்தான் என்பதை மறக்க வேண்டாம். இலங்கை இதை வேறு விதமாகப் பார்த்தது. அங்கே 2016-ல் குளிர்பானங்களுக்குத் தொடங்கிய சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறி 100 மில்லிலிட்டரை அடிப்படையாகக் கொண்டது. அதில் தயாரிப்பாளர் விரும்பியபடி சுருக்கிக்கொள்ள ஒரு தடவைக்கான அளவு என்ற ஒன்றே இல்லை.

வகுக்கும் எண்ணைப் பற்றி இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. அது 2000 கலோரியில் பத்தில் ஒரு பங்கு. அதேபோல் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி, பத்தில் ஒரு பங்கு. ஆக, கலோரி மாறினால் இந்த எண்களும் மாறவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடலுழைப்புக் குறைந்த 55 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கிலோ கலோரி போதும். அவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் பத்தில் ஒரு பங்குக் கணக்கு 18.4 கிராம்தான். 60 கிராம் மிக்சர் லேபிள் கணக்கில் 38 விழுக்காடு என்றால், சாந்தி நகரில் வீட்டோடு இருக்கும் ஒரு ஆச்சிக்கு 46 விழுக்காடு. மருத்துவர் சோடியத்தை 1500 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்லியிருந்தால், அதே 480 மில்லிகிராம் 24 அல்ல, 32. சர்க்கரைக்கும் இதே கதைதான். லேபிள் 50 கிராமை வைத்துக் கணக்கிடுகிறது, ஆனால் 2015-ல் உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்றது. நோயாளியின் எண்ணைக் கொண்டு மறுபடி வகுக்கத் தெரியாத உணவியலாளர், லேபிளை வாசித்துக் காட்டுகிறவர் மட்டுமே. மளிகைக்கடைக்காரரும் அதைச் செய்துவிடுவார்.

லேபிளே இல்லாத பண்டங்களை இந்தத் தேர்வு கண்டுகொள்வதில்லை என்பது இன்னொரு குறை. 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத பரப்புள்ள பாக்கெட்டில் ஊட்டச்சத்து விவரம் அச்சிட வேண்டியதில்லை. பல பாக்கெட்டுகளைச் சேர்த்து அடைத்த வெளி அட்டையில் இருந்தால் போதும். ஏழுக்கு ஏழு சென்டிமீட்டரில் ஒரு சின்னப் பாக்கெட்டின் இரு பக்கமும் சேர்ந்து 98 சதுர சென்டிமீட்டர். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சின்னப் பாக்கெட்டுகளில் பல இந்தச் சலுகைக்குள் அடங்கிவிடும், வெளி அட்டை கடைக்காரரின் பலகைக்கடியில் கிடக்கும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்.

தாமிரபரணிக் கரைக்குரிய கேள்வி ஒன்றைச் சேர்க்கவேண்டுமென்றால், அல்வாவைத்தான் சேர்ப்பேன். நேரே நிறுத்துக் கொடுக்கும் அல்வாவில் ஊட்டச்சத்து லேபிள் இருக்காது. மாணவி பாகத்திலிருந்து தானே கட்ட வேண்டும். 250 கிராம் சம்பா கோதுமை, 500 கிராம் சீனி, 250 கிராம் நெய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து சக்கையை ஒதுக்குவதால் 250 கிராமும் அல்வாவுக்குள் போகாது. நெய் பிரிந்து மேலே வரும்போதுதான் இறக்குவார்கள். வடித்தெடுத்த நெய் 50 கிராம் என்றால் உள்ளே நின்றது 200 கிராம். இறக்கி ஆறியபின் எடை 900 கிராம் என்று வைத்துக்கொண்டால், 50 கிராம் துண்டில் சீனி 27.8 கிராம், லேபிள் முறையில் 56 விழுக்காடு. நெய் 11 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 6.7 கிராம், 30 விழுக்காடு. பச்சைப் பொருள்களின் எடையைக் கூட்டி 1000 கிராம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டவர் சீனிக்கு 50 விழுக்காடு என்று எழுதியிருப்பார். விடையைத் திருத்துகிறவர் அந்த இரண்டு எண்ணையும் பார்த்தாலே மாணவி சட்டி இறக்கிய பிறகு எடை போட்டாரா என்று கண்டுபிடித்துவிடலாம். கால் கிலோ பொட்டலத்தைப் பிரித்தால் வீட்டில் எத்தனை பேருக்குப் பங்கு போகும் என்பதையும் அதே கேள்வியில் இரண்டாம் பகுதியாக வைக்கலாம். ஐந்து பேர் என்றால் தலைக்கு 50 கிராம். மூன்று பேர் என்றால் 83 கிராம், சீனி மட்டும் 46 கிராமைத் தொடுகிறது.